கேஷா, இன்சூரன்ஸா? ஒரே ஆபரேஷனுக்கு இரண்டு விலை சொல்வதைக் கண்டுபிடிப்பது எப்படி

மருத்துவமனை வரவேற்பில் நோயாளியின் பெயருக்கு அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, "கேஷா, இன்சூரன்ஸா?" என்பதுதான். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்கில் நான்கு வருடம் வேலை பார்த்தபோது நானே இதை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். பதிலைப் பொறுத்து நாங்கள் எடுக்கிற விலைப்பட்டியல் மாறும் என்பது கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இப்போது கோத்தகிரிக்கே திரும்பிவிட்டேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். வயது 64, ஒன்றரை ஏக்கர் தேயிலை, வலது பக்கம் குடலிறக்கம். லேப்ராஸ்கோப்பியில் வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று கீழே ஒரு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவருடைய பாலிசி 3 லட்சம். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. நிறுவனம் ஏற்கும் செலவில் 20 சதவீதம் அவர் கையிலிருந்து போக வேண்டும் என்ற கோ-பே நிபந்தனையும் உண்டு. அவருடைய ஃபைலை வைத்தே முழு வழியையும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே தொகுப்புக் கட்டணம் அரசு நிர்ணயித்தது. நான் பேசுவது நாமே பிரீமியம் கட்டி எடுக்கும் தனிப்பட்ட பாலிசிகளைப் பற்றி.

விலை ஏன் இரண்டாகிறது

கேஷ் நோயாளி டிஸ்சார்ஜ் அன்றே பணத்தைக் கட்டிவிடுவார். இன்சூரன்ஸ் பணம் வர வாரக்கணக்கில் ஆகும், வரும்போது வெட்டுகளோடு வரும், அதைத் துரத்துவதற்கென்றே என்னைப் போல மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் வித்தியாசம் இருப்பதில் நியாயம் உண்டு. பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் பேரம் பேசி கேஷ் விலையைவிடக் குறைவாக ஒப்பந்தம் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் அந்த ஒப்பந்தத்தை மீறும்போது வருகிறது. நாம் கட்டாமல் நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதியுள்ள நெட்வொர்க் மருத்துவமனை ஒவ்வொன்றும் காப்பீட்டு நிறுவனத்தோடு விலைப்பட்டியல் ஒன்றில் கையெழுத்திட்டிருக்கும். பொதுத்துறை நிறுவனங்கள் நான்கும் சேர்ந்து பி.பி.என். என்ற பெயரில் தனியாகத் தொகுப்பு விலைகள் வைத்திருக்கின்றன. ஆக, கேஷ் விலை, ஒப்பந்த விலை, டெஸ்கில் வாய்க்கு வந்தபடி சொல்லும் விலை என்று மூன்று இருக்கின்றன. மூன்றாவது, இரண்டாவதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

"இன்சூரன்ஸ்தானே சார் கட்டப்போகுது, உங்களுக்கென்ன?" என்பார்கள். கோ-பே இருந்தால் ஊதிப் பெருக்கிய பில்லில் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. கோ-பே இல்லாவிட்டாலும், போன ஒவ்வொரு ரூபாயும் அந்த வருடத்து 3 லட்சத்திலிருந்து கழிகிறது. இரண்டு மாதம் கழித்து மாரடைப்பு வந்தால் மீதி எவ்வளவு என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

முதல் படி: மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே கேளுங்கள்

நம் ஊர்க்காரர்களின் பலவீனம் ஒன்று உண்டு. பையில் இரண்டு செட் துணி, ஃபிளாஸ்க், போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, வாந்தியெடுத்துக் களைத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, விலை சரியில்லை என்று யாரும் திரும்பி மேலே ஏற மாட்டார்கள். டெஸ்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியும். நோயாளியின் முகவரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று இருந்தால் பேரம் இருக்காது என்று எங்கள் டெஸ்கில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அதனால் விலை விசாரணை போனிலேயே முடிந்திருக்க வேண்டும். டாக்டர் எழுதிய சீட்டில் ஆபரேஷன் பெயர் இருக்கும். அதை அப்படியே படித்துச் சொல்லி, கேஷில் கட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். பொய் சொல்ல வேண்டாம். "இன்னும் முடிவு பண்ணலை, ரெண்டுக்கும் சொல்லுங்க" என்றால் போதும். பல இடங்களில் இன்சூரன்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே கேஷ் விலையைச் சொல்ல மறுப்பார்கள். அப்படி மறுத்தாலே பாதி பதில் கிடைத்துவிட்டது. வீட்டில் இன்னொருவர், மறுநாள், கேஷ் விலையை மட்டும் கேட்கட்டும்.

எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனை வைத்துவிடாதீர்கள். எந்த அறை, எத்தனை நாள், வலையும் மருந்தும் சேர்த்தா, மயக்க மருந்து டாக்டர் சேர்த்தா, ஆபரேஷனுக்கு முந்திய பரிசோதனைகள் சேர்த்தா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு வந்த பதில்: கேஷில் 85,000 ரூபாய், இருவர் தங்கும் அறை, இரண்டு நாள், வலை உட்பட எல்லாம் சேர்த்து. பரிசோதனைகள் மட்டும் தனி, சுமார் 6,000. ஆக 91,000. அதே மருத்துவமனையில் இன்சூரன்ஸ் என்று சொன்னபோது வாயால் சொன்ன தொகை 1,38,000.

இரண்டாம் படி: அறையைச் சமமாக்குங்கள்

47,000 ரூபாய் வித்தியாசம் என்று கொதிப்பதற்கு முன்னால், இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்க வேண்டும். விசாரித்ததில், இன்சூரன்ஸ் கணக்கை அவர்கள் 4,500 ரூபாய் தனி அறையில் போட்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே போட்டது.

இது வெறும் வாடகை விஷயம் இல்லை. நிறைய மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே உயரும். பாலிசியின் வாடகை வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், காப்பீட்டு நிறுவனம் வாடகையை மட்டும் வெட்டாது. அதே விகிதத்தில் டாக்டர் கட்டணத்தையும் தியேட்டர் கட்டணத்தையும் வெட்டும். மருந்து, வலை போன்ற உட்பொருத்துகள், பரிசோதனைகள், ஐ.சி.யூ. ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று 2020இல் விதி வந்தது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் கூடாது. ஆனாலும் வரம்பைத் தாண்டாமல் இருப்பதே நிம்மதி.

சித்தப்பாவை 2,800 ரூபாய் இருவர் அறைக்கு மாற்றச் சொன்னோம். "சிங்கிள் ரூம்தான் சார் காலி" என்றார்கள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவசரமில்லாத ஆபரேஷனுக்கு அறை காலியாகும் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுநாள் அறை இருந்தது, கணக்கும் 1,24,000 ஆகக் குறைந்தது. இப்போதுதான் ஒப்பிடக்கூடிய இரண்டு எண்கள் கிடைத்தன: 91,000, 1,24,000. உண்மையான இடைவெளி 33,000.

மூன்றாம் படி: வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேஷ்லெஸ் அனுமதிக்காக மருத்துவமனை அனுப்பும் படிவத்தில் நீங்கள் நிரப்பும் பகுதி, டாக்டர் நிரப்பும் பகுதி என்று இருக்கும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், உங்கள் பகுதியை நிரப்பி, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மீதியைப் பிறகு எழுதுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை.

டாக்டர் பகுதியின் கீழ்ப்பாதியில் உத்தேசச் செலவுகள் வரிசையாக இருக்கும். அறை வாடகையும் நர்சிங்கும் உணவும் ஒரு வரி, பரிசோதனை ஒரு வரி, தியேட்டர் ஒரு வரி, சர்ஜன் மயக்கமருந்து டாக்டர் கட்டணம் ஒரு வரி, மருந்தும் உட்பொருத்தும் ஒரு வரி. கடைசிக்கு முந்திய இடத்தில் எல்லாம் அடங்கிய தொகுப்புக் கட்டணம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே மொத்தம்.

கண் போக வேண்டிய இடம் அந்தத் தொகுப்பு வரி. கேஷ் நோயாளிக்கு "பேக்கேஜ் 85,000" என்று சொன்ன அதே ஆபரேஷனுக்கு இங்கே அந்த வரி காலியாக இருந்து, மேலே ஒவ்வொன்றும் தனித்தனியாக விலையிடப்பட்டிருந்தால், உங்களுக்குத் தனிப் பட்டியல் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சித்தப்பாவின் படிவத்தில் அப்படித்தான் இருந்தது. டாக்டர் கட்டணம் மட்டும் 46,000 என்று எழுதியிருந்தது. கேஷ் தொகுப்பின் மொத்தத்தில் பாதிக்கும் மேல்.

எழுதி முடித்த படிவத்தை ஃபோட்டோ எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கூடவே காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கிளெய்ம்களைக் கையாளும் டிபிஏவுக்கோ ஒரு மெயில் போய்விட வேண்டும். போனில் கேட்டால் மழுப்புவார்கள், மெயிலுக்கு எழுத்தில் பதில் வர வாய்ப்பு அதிகம். எல்லா நிறுவனமும் சொல்லிவிடும் என்று உறுதி கொடுக்க மாட்டேன், ஆனால் கேட்காமல் யாரும் சொல்லப்போவதில்லை. நாங்கள் அனுப்பியது இவ்வளவுதான்:

"மேற்கண்ட பாலிசியில் எனக்கு ஒரு பக்கக் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நடக்கவுள்ளது. இந்த மருத்துவமனை உங்கள் நெட்வொர்க்கில் உள்ளதா? இருவர் அறையில் இதற்கு ஒப்பந்தத் தொகுப்பு விலை உண்டா, எவ்வளவு, அதில் வலை அடக்கமா? மருத்துவமனை 1,24,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்துள்ளது. கேஷ் விலை 91,000 என்று எழுத்தில் கூறியுள்ளது. இரண்டையும் இணைத்துள்ளேன்."

அந்தக் கடைசி வரியும் இணைப்பும்தான் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

நான்காம் படி: அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. முடிவு கடிதமாக மருத்துவமனைக்குப் போகும். உங்களிடம் "அப்ரூவல் வந்துடுச்சு" என்று மட்டும் சொல்வார்கள். அந்தக் கடிதத்தின் நகல் உங்களுக்கு வேண்டும். டெஸ்கில் தரவில்லை என்றால் டிபிஏவின் செயலியிலோ மெயிலிலோ கேளுங்கள்.

அதில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒப்பந்த விலை தொகுப்பா, தனித்தனியா என்று ஒரு பகுதி இருக்கும். சித்தப்பாவின் கடிதத்தில் தொகுப்பு என்று போட்டு 98,000 என்றிருந்தது. கேஷ் விலையைவிட 7,000 அதிகம். தாமதமாக வரும் பணத்துக்கு அவ்வளவு நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. மருத்துவமனை கேட்ட 1,24,000 எந்தப் பட்டியலிலும் இல்லை.

இரண்டாவது இடம், கடிதத்தின் பின்பகுதியில் பொடி எழுத்தில் வரும் நிபந்தனைகள். யாரும் படிப்பதில்லை. ஒப்பந்தத் தொகுப்பு விலைக்கு மேல் நோயாளியிடம் மருத்துவமனை எதுவும் வசூலிக்கக் கூடாது என்று அதில் இருக்கும். விதிவிலக்கு சில: பாலிசியில் சேராத பொருட்கள், தகுதிக்கு மேற்பட்ட அறையை நீங்களே கேட்டு வாங்கியது, தொகுப்பில் இல்லாத வேறு சிகிச்சை. மீறி வசூலித்தால் அதைத் திருப்பி வாங்கித் தரும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்றும் இருக்கும். இரண்டாம் படியில் அறைக்காக அவ்வளவு மல்லுக்கட்டியது ஏன் என்று இப்போது புரியும். தனி அறையில் இருந்திருந்தால் அந்த ஒரு விதிவிலக்கைக் காட்டியே மிச்சத்தை நம் தலையில் கட்டியிருப்பார்கள்.

ஐந்தாம் படி: டிஸ்சார்ஜ் நாள்

அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வரும். வீட்டுக்குப் போகும் அவசரம், மூன்று மணிக்கு மேலானால் மலையில் மூடுபனி, டிரைவர் கீழே ஹாரன் அடிக்கிறார். அந்த நேரத்தில்தான் பில்லை நீட்டுவார்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு முன்பே இறுதி பில்லின் விவரப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து பில்லை மட்டும் நிதானமாகப் பாருங்கள். கேஷ் நோயாளிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி போடும் அதே மருந்தகம், இன்சூரன்ஸ் பில்லில் முழு எம்.ஆர்.பி. போடுவது சகஜம். திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்படாமல் நிற்பதும் உண்டு. சித்தப்பாவின் பில்லில் பன்னிரண்டு ஜோடி கையுறை திரும்பிப் போனது பதிவாகவில்லை. சித்தி எண்ணி வைத்திருந்தார்.

இறுதி பில் 1,26,000 என்று வந்தது. நிறுவனம் 98,000 மட்டுமே ஏற்றது. டெஸ்கில் சித்தப்பாவிடம் 49,000 கேட்டார்கள். அவர் எனக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, எண்பதாயிரம் கம்பெனி கட்டுதாம், மீதியை நாம கட்டணுமாம், கட்டிரட்டுமா?" என்றார்.

"பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க சித்தப்பா, அதுவரைக்கும் கட்டாதீங்க" என்றேன்.

பிரித்து வந்தது இப்படி: 98,000இல் 20 சதவீதக் கோ-பே 19,600. பில்லுக்கு வெளியே தனியாகக் கேட்ட, பதிவுக் கட்டணம் போன்ற பாலிசியில் சேராதவை 1,400. இவை இரண்டும் நாம் கட்ட வேண்டியவைதான், 21,000. மிச்சம் 28,000க்கு எதிரே "வித்தியாசம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அது 1,26,000க்கும் 98,000க்கும் உள்ள தூரம். ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்ததை நோயாளியிடம் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

அனுமதிக் கடிதத்தின் அந்தப் பொடி எழுத்துப் பத்தியை வட்டமிட்டு ஃபோட்டோ எடுத்து டெஸ்குக்கும் டிபிஏவுக்கும் ஒரே மெயிலில் அனுப்பினேன். "இந்த 28,000 எந்த விதிவிலக்கின் கீழ் வருகிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரே கேள்வி. நாற்பது நிமிடத்தில் மேனேஜர் ஒருவர் வந்து "சிஸ்டம் மிஸ்டேக்" என்றார். சித்தப்பா 21,000 கட்டி ரசீது வாங்கினார். எல்லா இடத்திலும் இப்படி நாற்பது நிமிடத்தில் முடியாது. நான் உள்ளே இருந்தவன் என்பதால் எந்தச் சொல்லுக்கு அவர்கள் பயப்படுவார்கள் என்று தெரியும், அது "எழுத்தில்".

கட்டாமல் விடவே மாட்டோம் என்று டெஸ்கில் சொன்னால், பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள், ஆனால் ரசீதில் எதற்கான தொகை என்று இருக்க வேண்டும். "அட்வான்ஸ்" என்றோ "இதர" என்றோ எழுத விடாதீர்கள். டிஸ்சார்ஜ் அனுமதியை நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி அறை வாடகை கூடினால் அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும், நீங்கள் இல்லை.

கட்டிவிட்டு வந்தபின் எங்கே போவது

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு. ஒப்பந்தம் அவர்களுடையது, மீறப்பட்டதும் அவர்கள் விலைதான். பதில் இல்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் bimabharosa.irdai.gov.in தளத்தில் பதியலாம், அல்லது 155255 என்ற எண்ணில் சொல்லலாம். நிறுவனம் முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஆம்பட்ஸ்மேன் நிறுவனத்தைத்தான் கேள்வி கேட்க முடியும், மருத்துவமனையை அல்ல.

மருத்துவமனை மீது என்றால் நுகர்வோர் ஆணையம். நேராக வழக்குக்குப் போகுமுன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் போட்டுப் பாருங்கள். மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுதலாம். மருத்துவமனை கோவையில் இருந்தால் கோவை அலுவலகம், ஊட்டி அல்ல. கேஷுக்கு ஒரு விலை, இன்சூரன்ஸுக்கு ஒரு விலை என்பதே குற்றம் என்று எழுதினால் புகார் நிற்காது. ஒப்பந்த விலைக்கு மேல் வசூலித்தார்கள் என்று எழுதினால் நிற்கும்.

கேஷில் கட்டிப் பிறகு கிளெய்ம் செய்யலாமா?

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். செய்யலாம், தவறில்லை. 91,000 கையில் புரட்ட முடிந்தால், கேஷ் விலையில் முடித்து, அசல் பில்களோடு திரும்பப் பெறும் வழியில் போகலாம். சித்தப்பாவுக்கு அப்படிச் செய்திருந்தால் கோ-பே 18,200 ஆகியிருக்கும், 1,400 ரூபாய் மிச்சம். அதற்காக 91,000த்தை மாதக்கணக்கில் முடக்குவதும், ஏதாவது காரணம் சொல்லி மறுத்துவிட்டால் முழுவதும் நம் தலையில் விழும் ஆபத்தும் அவருக்கு ஒத்துவராது. ஒப்பந்த விலைக்கும் கேஷ் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்போது மட்டும் யோசிக்க வேண்டிய வழி இது. அப்படிப் போவதானால் "பில் வேண்டாம்னா இன்னும் அஞ்சாயிரம் குறைக்கலாம்" என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது. தள்ளுபடியும் பில்லில் தெரிய வேண்டும், நிறுவனம் தருவது தள்ளுபடி போன மீதிக்குத்தான். கேஷ் என்றாலும் நோட்டாகக் கட்டாதீர்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டமே அனுமதிப்பதில்லை, அதற்குக் கீழே என்றாலும் வங்கி வழியாகப் போனால் கிளெய்முக்குச் சான்றாக நிற்கும்.

மேலே மலையிலேயே சிறிய நர்சிங் ஹோமில் முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு சொல். நெட்வொர்க்கில் இல்லாத இடத்திலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். அங்கே ஒப்பந்த விலை இருக்காது, ஆகவே மேலே சொன்ன 98,000 போன்ற பிடிமானமும் இருக்காது. கேஷ் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவது ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

108 ஆம்புலன்ஸில் நெஞ்சுவலியோடு இறங்குகிறவர்கள் இதில் எதையும் செய்ய முடியாது. அவர்களுக்கு ஐந்தாம் படி மட்டும்தான், அதுவும் கூட இருப்பவர் செய்ய வேண்டியது: தினமும் மாலை இடைக்கால பில்லைக் கேட்டு வாங்கி ஃபோட்டோ எடுத்து வைப்பது, அனுமதிக் கடிதத்தின் நகல், பிரித்து எழுதிய ரசீது. சித்தி இப்போது கையுறைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் என்றதும், லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கரைக் கிழித்து பில்லோடு ஒட்டி வாங்கி வந்துவிட்டார். பில்லில் எழுதிய லென்ஸும் ஸ்டிக்கரில் இருந்த லென்ஸும் வேறு வேறு.